கேட்டால் காட்டலாம்

கருமாதி முடிந்து ஆபீசுக்குப் போன அன்றே மேனேஜர் எனக்குக் கொடுத்த வேலை, டைரக்டர்கள் வரும்போது காட்ட வேண்டிய ஸ்லைடுகள். செத்தது என் வீட்டுக்காரர். ஸ்லைடுகளின் விஷயம் எஸ்டேட் ஆஸ்பத்திரி வண்டி. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘வேற ஆளைப் பார்க்கட்டுமா’ என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நானே செய்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டில் உட்கார்ந்து மாலை போட்ட போட்டோவையும் அத்தையின் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைவிட, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவோ தேவலை.

வண்டிப்பெரியாரிலிருந்து மேலே ஏறி வர வேண்டிய தேயிலை எஸ்டேட், நாங்கள் வேலை பார்ப்பது. எழுபதுகளில் கட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. நான் பிறந்ததும் அங்கேதான். அந்தக் காலம் முதலே அதன் வாசலில் ஒரு ஜீப் நிற்கும். எந்தக் குடியிருப்பு லயத்தில் யாருக்கு என்ன ஆனாலும், டிரைவரைக் கூப்பிட்டால் வண்டி வந்துவிடும். என் வீட்டுக்காரர் போன வருஷம் அந்த ஜீப்பைச் சோதனை முறையில் நிறுத்திப் பார்த்தார்கள். அவசரம் என்றால் டவுனுக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்துக்கொள்ள வேண்டியது. அந்தச் சோதனைக் காலத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தது. இனி அதையே நிரந்தரமாக்கலாமா என்று டைரக்டர்களிடம் கேட்பதற்குத்தான் இந்த ஸ்லைடுகள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கோட்டயம் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழில் பேசினாலும் ‘போதும்’ என்பது மலையாளத்து ‘மதி’யாகத்தான் வரும். மேலிடம் சொன்னதைக் கீழே சொல்வார், கீழே சொன்னதை மேலே பாதி சொல்வார். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ‘கேட்டோ’ என்று ஒரு வால் இருக்கும். அன்றும் என் மேஜைக்கு வந்து நின்று, பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே சொன்னார்.

“மெயின்ல பத்து ஸ்லைடு மதி. அவங்களுக்குப் பொறுமை இல்ல. பாக்கி எல்லாம் பின்னாடி ஒளிச்சு வைங்க. கேட்டா காட்டலாம், கேக்கலைன்னா வேண்டா, கேட்டோ.”

“என்னென்ன கேப்பாங்க சார்?”

“அது நீங்கதான் ஆலோசிக்கணும்.”

இந்த வேலையை நான் முன்பும் செய்திருக்கிறேன். மேடையில் நிற்பவர் பேசுவதற்குச் சில ஸ்லைடுகள் முன்னால் வரிசையாக இருக்கும். ‘நன்றி’ என்று கும்பிட்ட பிறகு, அதற்கும் பின்னால், வரக்கூடிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடு வைப்பேன். கேள்வியையே தலைப்பாகப் போட்டுவிடுவேன். ஓரத்தில் வரிசையாகத் தெரியும் சின்னப் படத்தின் மேல் வலது பக்க பட்டனை அழுத்தி ‘ஹைட் ஸ்லைடு’ கொடுத்தால், அதன் எண்ணின் மேல் ஒரு கோடு விழும். அவ்வளவுதான், ஸ்லைடு எங்கேயும் போகாது. வரிசையாக ஓட்டிக்கொண்டு போனால் கண்ணில் படாது. யாராவது கேட்டால் அதற்கென்று போட்டு வைத்த லிங்க்கைத் தட்டினால் வந்து நிற்கும்.

லிங்க்கை எழுத்தின் மேல் போட்டால் எழுத்து நீலமாகி அடிக்கோடும் விழும். ‘என்னைத் தட்டு, என்னைத் தட்டு’ என்று அது கெஞ்சுவதைப் பார்த்தாலே டைரக்டர்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் எழுத்தின் மேல் ஒரு கட்டம் வரைந்து, லிங்க்கை அந்தக் கட்டத்துக்குக் கொடுப்பேன். கட்டத்துக்கு நிறமே வேண்டாம் என்று விட்டால் நடுவில் தட்டினாலும் பிடிக்காது. நிறம் கொடுத்து, அந்த நிறத்தை முழுக்கக் கண்ணாடியாக்க வேண்டும். அப்போது யார் கண்ணுக்கும் தெரியாது, மௌஸ் மட்டும் அங்கே வந்ததும் கை அடையாளமாக மாறும். கொஞ்சம் தள்ளித் தட்டிவிட்டால் லிங்க் திறக்காமல் அடுத்த ஸ்லைடு வந்து மானம் போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொள்வேன். திரும்பி வருவதற்கும் ஒரு பட்டன் உண்டு. ‘கடைசியாகப் பார்த்த ஸ்லைடு’ என்று அதற்குக் கொடுத்துவிட்டால், எங்கிருந்து போனோமோ அங்கேயே கொண்டுவந்து விடும்.

என்ன கேள்வி வரும் என்று ஆலோசிக்கத்தான் எப்போதும் நேரம் பிடிக்கும். இந்தத் தடவை பிடிக்கவில்லை. எல்லாக் கேள்வியையும் என்னிடம் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் கேதம் கேட்பது என்று சொல்வார்கள். சாவு வீட்டுக்கு அடக்கத்தன்று வர முடியாதவர்கள் பிறகு வந்து துக்கம் விசாரிப்பது. பேச்சுக்குத்தான் விசாரிப்பது என்று நினைத்தால் தப்பு, நிஜமாகவே விசாரிப்பார்கள். உடும்பஞ்சோலையிலிருந்து வந்தார்கள், கம்பத்திலிருந்து வந்தார்கள், காந்தலூரில் பூண்டு போட்டிருந்த சித்தப்பா வகையறா ஜீப் பிடித்து வந்தார்கள். பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுவார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நேராக உட்கார்ந்து ஆரம்பிப்பார்கள்.

“எப்படித்தா நடந்துச்சு?”

“நெஞ்சு வலின்னு எப்பச் சொன்னாக?”

“சுக்குக் காப்பி எதுவும் வச்சுக் குடுத்தியா?”

“வண்டிக்குத் தூக்கிட்டா போனீக?”

“இல்ல பெரியம்மா. அவுகளா நடந்துதான் போனாக.”

“நடந்தா போனான்! நடந்து போன ஆளுக்கா இப்படி!” என்று மறுபடி ஒரு பாட்டம்.

முதல் இரண்டு நாள் சொல்லும்போது பாதியில் நின்றுவிடுவேன். பிறகு நிற்கவில்லை. எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது, எந்த இடத்தில் பெரியம்மாக்கள் ‘ஐயோ’ என்பார்கள் என்று எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. அவர் பாக்டரியிலிருந்து வந்தது, நெஞ்சைப் பிடித்தது, போன் போட்டது, ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் எஸ்டேட்டின் வேறு டிவிஷனுக்குப் போய்த் திரும்பி வந்தது, அவர் சட்டையை மாற்றிக்கொண்டு தானே நடந்து போய் ஏறியது, டவுன் வருவதற்குள் முடிந்தது. ஒரு சொல் மாறாமல் சொன்னேன். அத்தை மூலையிலிருந்து என்னைப் பார்ப்பார். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார். மகனைப் பறிகொடுத்தவர், நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்கு அப்போது யார் மேலும் கோபம் இல்லை. உடம்பே மரத்துப்போயிருந்தது. சோறு சோறு மாதிரி இல்லை, பசி பசி மாதிரி இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு, ‘சோதனைக் காலத்தில் உயிரிழப்பு உண்டா?’ என்று ஒரு தலைப்பை அடிப்பதில் என்ன கஷ்டம்? அடித்தேன். கீழே நான்கு வரி. உண்டு, ஒன்று. பாக்டரி ஊழியர், நெஞ்சுவலி. வெளி ஆம்புலன்ஸ் வழி தவறியதால் தாமதம். நோயாளி வண்டிக்குத் தானே நடந்து சென்றார். வலது பட்டன், ‘ஹைட் ஸ்லைடு’. எண்ணின் மேல் கோடு விழுந்தது. வண்டி பற்றிய ஸ்லைடில் ‘சோதனைக் காலம்’ என்ற சொல்லின் மேல் கண்ணாடிக் கட்டத்தைப் போட்டு, லிங்க் கொடுத்து, தட்டிப் பார்த்தேன். சரியாகப் போய் நின்றது. திரும்பும் பட்டனைத் தட்டினேன். சரியாகத் திரும்பியது.

மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்து, அந்த ஸ்லைடில் மட்டும் கொஞ்சம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது... வேணுமா?”

“கேப்பாங்க சார்.”

“கேட்டா மட்டும், கேட்டோ.” பிறகு, “‘வழி தவறியது’ வேண்டா. ‘மலைப்பாதை காரணமாகத் தாமதம்’னு போடுங்க. கடைசி வரி இருக்கட்டும். அது நல்லதாக்கும்” என்றார்.

நடந்து போனார் என்றால் ஆள் அவ்வளவு மோசமாக இல்லை, ஆம்புலன்ஸ் வந்த நேரமும் ரொம்பக் கெட்டுப்போய்விடவில்லை என்று அர்த்தம் வருகிறதாம். எங்கள் பெரியம்மாக்கள் ‘ஐயோ’ என்ற இடத்தில் இவர் ‘நல்லது’ என்றார். ஒரே வரிதான். அதை விட்டுவிட்டுத் தாமதத்தின் வரியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு முன்தினம் ஆபீஸ் பிரின்டர் மை தீர்ந்து கோடு கோடாகத் துப்பியது. பைலைப் பென்டிரைவில் போட்டு வண்டிப்பெரியாருக்கு அனுப்பி, ஒரு தாளுக்கு ஆறு ஸ்லைடு வீதம் கடையில் எடுத்துவரச் சொன்னேன். மறைத்த ஸ்லைடுகள் உள்ள பைலைப் பிரின்ட் கொடுக்கும்போது ஒரு பெட்டி வரும். மறைத்ததையும் சேர்த்து அடி என்று அதில் ஒரு டிக் முதலிலேயே விழுந்திருக்கும். வேண்டாம் என்றால் நாம்தான் எடுக்க வேண்டும். திரையில் ஒளிந்துகொள்ளும் ஸ்லைடு தாளில் ஒளிந்துகொள்ளாது. கடைக்காரருக்கு அதெல்லாம் எதற்கு? கொடுத்ததை அடித்துக் கொடுத்தார். கட்டைப் பிரிக்காமல் அப்படியே கூட்டம் நடக்கும் எஸ்டேட் பங்களாவுக்கு அனுப்பிவிட்டேன். வேண்டுமென்றே விட்டீர்களா என்று மேனேஜர் பிற்பாடு ஒரு நாள் கேட்டார். இல்லை. அந்த நாட்களில் எதையும் வேண்டுமென்று செய்கிற தெம்பு எனக்கு இல்லை.

கூட்டம் பங்களா ஹாலில் நடந்தது. மேனேஜர் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். நான் ஓரத்தில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். டைரக்டர்களில் இரண்டு பேர் திரையைப் பார்த்தார்கள். மூன்றாமவர் பார்க்கவில்லை. சென்னையிலிருந்து வந்த வயதானவர், கம்பெனிக் கணக்கைப் பார்ப்பவர். கணக்குப் பார்க்கிறவர்களுக்குத் திரையில் நம்பிக்கை கிடையாது, தாள்தான் வேண்டும். விரலில் எச்சில் தொட்டுக் கடைசிப் பக்கம்வரை புரட்டிக்கொண்டே போனார். ‘நன்றி’யைத் தாண்டியும் புரட்டினார்.

“என்ன இது? நாங்க கேக்கப்போற கேள்வியெல்லாம் இங்கயே இருக்கே! பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாள் வெளியாயிடுச்சு போல” என்றார்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். அவர் காது சிவந்திருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓ, அந்த டிக், என்று மட்டும் நினைத்தேன்.

“நல்ல தயாரிப்புதான்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் தாளுக்குத் திரும்பினார். டீசல் பற்றிக் கேட்டார், தட்டினேன், வந்தது. பக்கத்து எஸ்டேட்டில் என்ன வழக்கம் என்று கேட்டார், தட்டினேன், வந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பும் பட்டன் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. மேனேஜருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது.

பிறகு பெரியவர் தாளில் ஓர் இடத்தில் பேனாவை வைத்தார். சிரிப்பு போயிருந்தது.

“உயிரிழப்பு உண்டான்னு ஒண்ணு இருக்கே. அதைக் காட்டுங்க.”

வண்டி ஸ்லைடுக்குப் போய் ‘சோதனைக் காலம்’ மேல் மௌஸைக் கொண்டுபோனேன். கை அடையாளம் வந்தது. தட்டினேன். என் நான்கு வரிகள் சுவர் அளவுக்குப் பெரிதாக வந்து நின்றன. அவ்வளவு பெரிதாக நான் அவற்றைப் பார்த்ததில்லை.

அவர் மெதுவாகப் படித்தார். தாளில் முன்னும் பின்னும் இருந்த ஸ்லைடுகளோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் சின்ன எழுத்தில் ‘ஆதாரம்’ என்று ஒரு வரி போடுவது எங்கள் கம்பெனி வழக்கம். எஸ்டேட் ரிக்கார்டு, வண்டியின் லாக் புத்தகம், டவுன் ஆஸ்பத்திரி என்று எது உண்டோ அது.

“எல்லாத்துக்கும் சோர்ஸ் போட்டிருக்கீங்க, இதுக்கு மட்டும் போடலை. நோயாளி தானே நடந்து போனார்னு இருக்கு. இது எந்த ரிக்கார்டுலயும் வராதே. யார் சொன்னது?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஸ்லைடு இல்லை. அத்தனை நாள் கேதம் கேட்டவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள், என் எதிரில் உட்கார்ந்துகொண்டு? மேனேஜர் தண்ணீர் கிளாஸை எடுத்தார், வைத்தார்.

“நான்தான் சார்” என்றேன். “கூட இருந்தேன்.”

“நீங்க நர்ஸா?”

“இல்ல சார். எங்க வீட்டுக்காரர் அவுக.”

‘அவர்’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆபீசில் அப்படித்தான் பேசுவேன். ‘அவுக’ என்று வந்துவிட்டது. அது காதில் விழுந்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. பதினாறு நாளும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையில் எத்தனையோ ‘அவுக’ வந்திருந்தும் ஒன்றும் என்னைத் தொடவில்லை. இந்த ஒன்று தொட்டது. அவர் சட்டை மாற்றிக்கொண்டதும், படியில் இறங்கும்போது என் தோளைப் பிடிக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டதும் கண் முன்னால் வந்தன. நான் பயந்துவிடக் கூடாதே என்றுதான் அவர் நடந்தார். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

“உக்காருங்கம்மா” என்றார் பெரியவர். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

“ஏன் தாமதமாச்சு? மலைப்பாதைன்னு போட்டிருக்கு.”

மேனேஜரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்த டிரைவருக்கு வழி தெரியலை சார். வேற டிவிஷனுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தார். நம்ம டிரைவர்னா லயத்து நம்பர் சொன்னாப் போதும்.”

அவர் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. யாரோ ‘அடுத்தது’ என்றார்கள். திரும்பும் பட்டனைத் தட்டினேன். வண்டி ஸ்லைடு வந்தது, அதற்கடுத்தது வந்தது, ‘நன்றி’யும் வந்தது. டீ கொடுத்தார்கள். கிளம்பும்போது பெரியவர் மேனேஜரிடம், முடிவைக் கொச்சியில் முழு போர்டும் கூடித்தான் எடுக்கும், பைலை அனுப்பிவிடுங்கள், அந்த ஒரு ஸ்லைடில் சோர்ஸ் விட்டுப்போனதையும் போட்டு அனுப்புங்கள் என்றார். எனக்குக் கும்பிடு போட்டார். அவர் வயதுக்கு அது தேவையில்லை.

ஜீப் திரும்ப வந்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர் தவிக்க வேண்டாம். பழைய டிரைவரே வந்தார். அது என்னால் வந்ததா, யூனியன்காரர்கள் வாசலில் உட்கார்ந்ததால் வந்ததா, எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அதெல்லாம் ஒன்றும் தெரியாமல்தான் பைலைத் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பேப்பர் வெயிட்டைத் தொடவில்லை.

“சோர்ஸ்... எஸ்டேட் ரிக்கார்டுன்னு போட்டா மதி” என்றார். ‘கேட்டோ’ சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தேன். கொச்சியில் இதைக் காட்டப்போவது வேறு யாரோ. கண்ணாடிக் கட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சும்மா வரிசையாக ஓட்டுவார். யாராவது கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் என் வீட்டுக்காரர் ‘நன்றி’க்குப் பின்னால் கிடப்பார்.

முதலில் ஆதாரத்தைப் போட்டேன். ‘மனைவி’ என்று அடித்தேன். அடித்த பிறகு அழுதேன், அத்தனை நாளுக்கும் சேர்த்து, ஆபீஸ் என்றும் பாராமல். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஸ்லைடை இழுத்து வந்து வண்டி ஸ்லைடுக்கு அடுத்ததாக வைத்தேன். வலது பட்டனை அழுத்தி ‘ஹைட் ஸ்லைடு’ என்பதை இன்னொரு தடவை தட்டினேன். எண்ணின் மேல் இருந்த கோடு போய்விட்டது. இனி அவரை யாரும் கேட்க வேண்டியதில்லை, முறை வந்ததும் அவரே வருவார். அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.